பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு வலி

பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு வலிக்கும் என்பது எல்லா வீடுகளுக்கும் தெரிந்ததே. மணிக்கட்டு வலிக்கிறது என்றால் மட்டும் தைலத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது.

எங்கள் மகளுக்குக் குழந்தையின் மூன்றாம் மாதத்தில் அந்த வலி தொடங்கியது. வலது பெருவிரலின் அடியில், மணிக்கட்டு எலும்பு முனைக்கு மேல், தொட்டாலே துடித்தாள். ஒளூச் செய்யக் குழாயைத் திருகுவதும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதும் பெரும்பாடாயின.

பெருவிரலை விரித்து உயர்த்தும் இரண்டு தசைநாண்கள் அந்த எலும்பு முனையின் மேல் ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. குழந்தையின் அக்குள்களில் கைகொடுத்துப் பெருவிரலை அகல விரித்துத் தூக்கும்போதும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாயும்போதும், அந்நாண்கள் உறையின் சுவரில் உராய்கின்றன. நாள் முழுதும் இது தொடர்ந்தால் உறை தடித்து, வழி இன்னும் குறுகுகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வைன் 1895இல் விவரித்ததால் இந்நோய் அவர் பெயரால் வழங்குகிறது. பேரப்பிள்ளையைத் தூக்கும் பாட்டிமாருக்கும் இது வருவதுண்டு.

மருத்துவர் செய்த சோதனை எளியது. பெருவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். நலமான கையிலும் சிறிது இழுக்கும். ஆகவே இரு கைகளையும் ஒப்பிட வேண்டும். வலது கையில் மகள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். விரல்கள் இரவில் மரத்துப்போவதுதான் முதன்மைத் தொல்லை என்றால், அது நரம்பு அழுத்தமாகிய வேறு நோயாக இருக்கலாம்.

அவளுக்குப் பெருவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை கொடுக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் சாதாரண மணிக்கட்டுப் பட்டை பெருவிரலை விட்டுவிடுவதால் இதற்குப் பெரிதும் உதவாது. ஒளூவுக்குக் கழற்றிக் கழுவிவிட்டு, மீண்டும் அணிந்துகொண்டாள். சுஜூதில் உள்ளங்கையை ஊன்றுவது முதல் வாரங்களில் கடினமாகவே இருந்தது.

பட்டையைவிடத் தூக்கும் முறையை மாற்றியதே அதிகம் பயன்பட்டது என்பது எங்கள் கருத்து. உள்ளங்கை மேல்நோக்க, ஒரு கையைப் பிட்டத்தின் கீழும் மறு கையைக் கழுத்துக்கும் தோளுக்கும் பின்னாலும் கொடுத்து, பெருவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து, மார்போடு சேர்த்து அள்ள வேண்டும். பாரத்தை முன்கை தாங்கும். பாலூட்டும்போது குழந்தையின் தலையைக் கை தாங்காமல் தலையணை தாங்கட்டும்.

ஆறு வாரத்தில் அவளுக்கு வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. அடங்காதவர்களுக்கு உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். பலருக்கு அதுவே போதுமானதாகிறது. பாலூட்டுவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கக்கூடும். அதற்கும் கேளாவிட்டால், உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை உண்டு. மணிக்கட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால் அது வேறு விஷயம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.