கோரிக்கை வேறு, தேவை வேறு: கோரல் மில்லும் தீப்பெட்டி ஆபீசும்



மனிதவள மேலாண்மை படிக்க வந்த யாரும் ஒரு முக்கோணம் வரையாமல் முதல் பருவத்தைத் தாண்டுவதில்லை. அடியில் உணவு, உடை, உறைவிடம். அதற்கு மேல் பாதுகாப்பு. அதற்கு மேல் அன்பும் நட்பும். பிறகு மதிப்பு. உச்சியில், தன் திறமை முழுவதையும் வெளிப்படுத்தும் நிறைவு. இதுதான் ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைப் படிநிலைக் கோட்பாடு. கீழ்ப்படி நிறைவேறினால்தான் மேல்படி தேவையாகும் என்று ஒரு வரி எழுதி முடித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

எனக்கு மட்டும் அந்தப் படத்தில் ஓர் உறுத்தல் உண்டு. என் அம்மா ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்தவர். (எங்கள் கரிசல் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம்.) வாங்கிய கூலி வீட்டுச் செலவுக்கு என்றுமே போதியதில்லை. அப்படியானால் முக்கோணக் கணக்குப்படி அம்மா கடைசிவரை அடிப்படியிலேயே நின்றவர். மதிப்பு, மரியாதை எல்லாம் அவருக்கு இன்னும் தேவையாகவே ஆகவில்லை என்று பொருள். இதை நம்பும் ஒரு மேலாளர், “இவங்களுக்குக் காசு ஒண்ணுதான், வேற எதுவும் வேண்டாம்” என்று முடிவு கட்டிவிடுவார். பாடப்புத்தகம் அவருக்குச் சாட்சி சொல்லும். அதனால்தான் இந்தக் கோட்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் மாஸ்லோ என்ன எழுதினார் என்று பார்ப்போம். அவருடைய கட்டுரை 1943ல் வந்தது. அதில் முக்கோணப் படமே கிடையாது. அது பின்னால் வந்த மேலாண்மை எழுத்தாளர்கள் வரைந்தது. ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைவேறிய பிறகுதான் அடுத்தது எழும் என்பது தவறான எண்ணம் என்று அவரே சொல்கிறார். ஒரு சாதாரண மனிதனுக்கு உடல் தேவைகள் 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, தன்னிறைவு 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று ஓர் உதாரணம் தருகிறார். இவை அளந்து எடுத்த எண்கள் அல்ல, விளக்கத்துக்காகச் சொன்னவை. ஆனால் செய்தி தெளிவு. எல்லாத் தேவைகளும் ஒரே நேரத்தில், வெவ்வேறு அளவில், ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. அது மட்டுமல்ல, ஒரே செயலுக்குப் பின்னால் பல தேவைகள் சேர்ந்து நிற்கலாம் என்றும் சொல்கிறார். கொள்கைக்காக எல்லாவற்றையும் துறக்கிறவர்களைத் தம் வரிசைக்கு விதிவிலக்காகக் குறிப்பிடுகிறார்.

இதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் 1872ல் பிறந்த வ.உ.சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் தூத்துக்குடியில் ஒரு வேலைநிறுத்தத்தை நடத்தியவர் என்பது நம் வகுப்புகளில் அவ்வளவாக வருவதில்லை. வெள்ளையர் நிர்வாகத்தில் இருந்த கோரல் மில்லில் குறைந்த கூலி, கடுமையான வேலை. 1908 பிப்ரவரி 23ல் வ.உ.சி. அந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசினார். நான்கு நாளில், 27ஆம் தேதி, வேலைநிறுத்தம் தொடங்கியது. சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுப்பு வசதிகள் ஆகியவை கோரிக்கைகள். ஒன்பது நாள் கழித்து நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் ஒப்புக்கொண்டது.

முக்கோணத்தை அப்படியே நம்பினால் இந்த ஒன்பது நாளை விளக்க முடியாது. அரைவயிற்றுக் கூலிக்காரன், இருக்கிற கூலியையும் விட்டுவிட்டு எப்படி வெளியே வருவான்? அடிப்படித் தேவையில் இருப்பவன் அந்தக் கூலியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அவர்கள் வெளியே வந்தார்கள். ஊரின் ஆதரவு இருந்தது, நம்பத்தகுந்த தலைவர்கள் இருந்தார்கள், கூட நிற்க ஆயிரம் தோள்கள் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது உடலுக்கு ஓய்வு. அது பிள்ளைகளோடும் உறவுகளோடும் இருக்க ஒரு நாள். ‘நான் மில்லின் எந்திரம் அல்ல’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் அதுதான். கோரிக்கை ஒன்று, அதற்குள் தேவைகள் மூன்று. மனிதவளத் துறைக்காரர் காதில் விழுவது கோரிக்கை மட்டுமே. தேவை அதற்கு அடியில் இருக்கும்.

இந்த இடத்தில் கிளேட்டன் ஆல்டர்ஃபர் உதவுகிறார். 1969ல் அவர் மாஸ்லோவின் ஐந்து தேவைகளை மூன்றாகச் சுருக்கினார். உணவு, கூலி, பாதுகாப்பு எல்லாம் இருப்புத் தேவை. மற்றவர்களோடு கொள்ளும் பிணைப்பும், அவர்கள் தரும் மதிப்பும் உறவுத் தேவை. திறமையை வளர்ப்பது வளர்ச்சித் தேவை. மூன்றும் ஒரே சமயத்தில் வேலை செய்யலாம் என்பது அவர் கருத்து. அவர் சேர்த்த இன்னொன்றுதான் பணியிடத்தில் மிகவும் பயன்படுவது. மேல் தேவை ஒன்று தொடர்ந்து தடுக்கப்பட்டால், ஆள் பின்வாங்கிக் கீழ்த் தேவையை முன்னைவிட அதிகமாகக் கேட்கத் தொடங்குவார். மதிப்புக் கிடைக்காதவர் பணம் கூடக் கேட்பார். பணமாவது கேட்டு வாங்கக்கூடியது. “என்னை மதியுங்கள்” என்று யாரால் மனுக் கொடுக்க முடியும்?

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை என் படிப்புக்கான திட்டப் பணியில் பார்த்தேன். ஒரு சிறிய தீப்பெட்டி ஆபீஸ், பெயர் வேண்டாம். வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எத்தனை பெட்டி அடைக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. முதலாளியின் குறை இரண்டு. வாரம் தவறாமல் யாராவது அட்வான்ஸ் கேட்கிறார்கள். திங்கட்கிழமை பாதிப் பேர் வருவதில்லை. “கூலியைக் கூட்டியும் பாத்தாச்சு தம்பி, ரெண்டு வாரம் ஒழுங்கா வந்தாங்க. அப்புறம் பழைய கதைதான்” என்றார்.

நான் முதலில் செய்தது, அவர்கள் கேட்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டது. இரண்டாவது, இந்தக் குறை எப்போது தொடங்கியது என்று வருகைப் பதிவேட்டில் பார்த்தது. மூன்றாவது, பக்கத்து ஆபீஸ்களில் என்ன கூலி என்று விசாரித்தது. கூலி அக்கம்பக்கத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் திங்கட்கிழமை விடுப்பு அதிகரித்த மாதமும், பெட்டி எண்ணும் முறை மாறிய மாதமும் ஒன்றாக இருந்தன. முன்பு ஆள் பக்கத்தில் நிற்கும்போதே எண்ணுவார்கள். புதிய கணக்குப்பிள்ளை வந்த பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனபின் எண்ணி, சரியில்லாத பெட்டிகளைக் கழித்து, மறுநாள் எண்ணிக்கையை மட்டும் சொன்னார். ஓர் அக்கா சொன்னார்: “கழிச்ச பெட்டியக் கண்ணுல காட்டுனா என்ன தம்பி? நாங்க என்ன களவாணியா? எப்படியும் குறைக்கத்தான் போறாங்க, அட்வான்சாவது வாங்கிப்போம்னு தோணும்ல.”

ஆல்டர்ஃபர் சொன்ன பின்வாங்கல் இந்த ஒரு பேச்சிலேயே இருக்கிறது. கோரிக்கை அட்வான்ஸ். அடியில் இருக்கும் தேவை நம்பிக்கை. கூலியைக் கூட்டியபோது இரண்டு வாரம் மட்டும் பலன் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். மருந்து ஓர் இடத்தில், காயம் வேறு இடத்தில்.

எண்ணிக்கையை ஆள் முன்னாலேயே எடுப்பது, கழித்த பெட்டியைக் காட்டுவது என்று மாற்றினார்கள். நான் அங்கே இருந்த மீதி நாட்களில் அட்வான்ஸ் கேட்பது வெகுவாகக் குறைந்தது. திங்கட்கிழமை வருகை ஓரளவே கூடியது. மீதிக் காரணம் வேறு. அன்று வேன் வராத ஊர்களிலிருந்து நடந்து வர வேண்டியிருந்தது. அது உறவுத் தேவையும் அல்ல, வளர்ச்சித் தேவையும் அல்ல. வெறும் வேன் பிரச்சினை. எல்லாவற்றையும் கோட்பாட்டுக்குள் திணிக்கக் கூடாது என்பதற்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு கோரிக்கை நிறைவேறிய பிறகு அது அடங்குகிறதா, சில வாரங்களில் வேறு உருவத்தில் திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். அடங்கினால் கேட்டதும் தேவையும் ஒன்றுதான். திரும்பி வந்தால் தடுக்கப்பட்ட தேவை வேறு எங்கோ இருக்கிறது. அந்தக் குறை தொடங்கிய மாதத்தில் என்ன மாறியது என்று தேடுங்கள். மேற்பார்வையாளர் மாறினாரா, எண்ணும் முறையா, வேலை நேரமா?

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. “பணம் கேட்கிறார்கள், ஆனால் உண்மையில் அவர்களுக்கு வேண்டியது பாராட்டு” என்று சொல்லிக் கூலி உயர்வுக்குப் பதில் சான்றிதழும் சால்வையும் கொடுத்துவிட இந்தக் கோட்பாடு வசதியான சாக்கு. அதனால்தான் பக்கத்து ஆபீஸ் கூலியையும் வீட்டுச் செலவையும் முதலில் விசாரிக்க வேண்டும். கூலியே குறைவு என்றால் அதற்கு அடியில் வேறு தேவை தேட வேண்டியதில்லை. கோரல் மில் நிர்வாகம் கூலியையும் உயர்த்தியது, ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால் அவர்கள் திரும்பி வந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஆராய்ச்சி நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். 1976ல் வாபா, பிரிட்வெல் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாஸ்லோவின் படிவரிசைக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆல்டர்ஃபரின் பின்வாங்கல் கருத்துக்கும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முடிவு வரவில்லை. எனவே இவற்றை விதி என்று எடுத்துக்கொள்ளாமல், என்ன கேள்வி கேட்கலாம் என்று நினைவூட்டும் பட்டியலாக வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வில் முக்கோணம் வரையுங்கள், மதிப்பெண் வேண்டுமே! ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: எந்தத் தொழிலாளியும் ஒரு படியில் மட்டும் நிற்பதில்லை. கூலி நாளன்று அம்மா வீட்டுக்கு வந்து முதலில் சொன்னது என்றைக்குமே தொகையை அல்ல. இன்றைக்கு எத்தனை பெட்டி கழித்தார்கள், அது சரியா தவறா என்பதைத்தான்.