தலைக்குள் ஒரு வாய்க்கால்

என் பேரன் பிறந்தபோது அவன் தலையின் சுற்றளவு 34 சென்டிமீட்டர். மூன்றாம் மாத முடிவில் 41. அதுவரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் மாதத்தில் 43½ ஆயிற்று. ஐந்தாம் மாதத்தில் 46. அந்தப் பிராயத்தில் மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் போதுமானது. இந்த இலக்கங்களை அட்டையில் எழுதி வைத்தவன் நானே. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. "நம் குடும்பத்தில் எல்லோருக்குமே பெரிய தலைதான்" என்று பெருமையடித்துக் கொண்டிருந்தேன்.

என் மகள்தான் ஒரு நாள், "அப்பா, இவன் கண்ணைப் பாருங்கள். கருவிழி கீழேயே இறங்கி நிற்கிறதே!" என்றாள். பார்த்தேன். அஸ்தமிக்கும் சூரியனைப்போல் கருவிழி கீழிமைக்குள் பாதி மறைந்திருந்தது. மேலே வெள்ளை விழி தெரிந்தது. உச்சிக்குழியைத் தொட்டால், குழந்தை அழாமல் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதுகூட, அது குழியாக இல்லை, விம்மிப் புடைத்திருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

உச்சிக்குழியின் வழியாகவே ஒலியலைக் கருவியால் உள்ளே பார்த்தார்கள், பிறகு எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து, "சார், இதை ஒரு நீர்ப்பாசனமாக நினைத்துக் கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தார்.

மூளையின் நடுவில் நான்கு அறைகள் இருக்கின்றன. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. அவற்றின் கீழே நடுவில் மூன்றாவது. அதற்கும் கீழே, பின்பக்கத்தில் நான்காவது. இவ்வறைகளில் உள்ள பூங்கொத்துப் போன்ற இரத்தக்குழாய்ப் பின்னல்கள் தெளிந்த நீர் ஒன்றைச் சுரக்கின்றன. வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர். ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பதோ சுமார் 150 மில்லிலிட்டர்தான். ஆகவே அவ்வளவு நீரும் தினம் மூன்று முறைக்கு மேல் புதிதாக மாறவேண்டும். மேலறைகளின் நீர் மூன்றாம் அறைக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு குறுகிய வாய்க்கால் வழியே நான்காம் அறையை அடைகிறது. பிறகு மூன்று துவாரங்களால் வெளியேறி, மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்து பரவி, முடிவில் இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

இந்தப் பாதையில் மிகக் குறுகலான இடம் அந்த வாய்க்கால். ஸில்வியஸ் என்பவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். வளர்ந்தவர்களிடத்திலேயே அதன் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர். அகலம் ஓரிரண்டு மில்லிமீட்டர். என் பேரனுக்கு அது பிறவியிலேயே ஏறக்குறைய அடைபட்டிருந்தது.

"வழி அடைத்தால் ஊற்றும் நின்றுவிடாதா?" என்று கேட்டேன்.

"அதுதான் சங்கடம். வடிகால் அடைபட்டது ஊற்றுக்குத் தெரியாது. அது சுரந்துகொண்டே இருக்கும்" என்றார் டாக்டர்.

படத்தில் மேலறைகள் இரண்டும் மூன்றாவதும் ஊதிப் பெருத்திருந்தன. நான்காவது மட்டும் தன்னளவில் சிறிதாக இருந்தது. அடைப்பு எங்கே என்பதற்கு அதுவே சாட்சி. மதகுக்கு மேலே ஏரி நிரம்பிக் கீழே வாய்க்கால் வற்றியிருந்தால், எங்கே அடைப்பு என்று குடியானவனைக் கேட்கவேண்டுமா? 1913-இல் அமெரிக்காவில் டாண்டி, பிளாக்ஃபேன் என்ற இரு வைத்தியர்கள், ஒரு நாயின் இதே வாய்க்காலைப் பஞ்சால் அடைத்து, மேலறைகள் வீங்குவதைக் காட்டினார்களாம்.

குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை பெருத்து இடங்கொடுக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சீக்கிரமே ஆபத்து வந்துவிடும்.

பேரனுக்கு மேலறையிலிருந்து வயிறு வரையில் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயைப் பதித்தார்கள். நடுவில் ஒரு வால்வு. அழுத்தம் மிஞ்சினால்தான் திறக்கும். வயிற்றில் வடியும் நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். உச்சிக்குழி சில நாட்களில் தாழ்ந்தது. "இக்குழாயும் அடைபடலாம். காரணமில்லாத வாந்தியும் தூக்கமும் கண்டால் காத்திராதீர்கள்" என்று டாக்டர் எச்சரித்தார்.

இரண்டு வயதில் அப்படியே நடந்தது. காலையில் இருமுறை வாந்தியெடுத்தவன், மத்தியானம் எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. இம்முறை நான் தாமதிக்கவில்லை. புதுக் குழாய் வைக்காமல், மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, மூன்றாம் அறையின் தரையில் ஒரு சிறு துவாரம் செய்தார்கள். அடைபட்ட வாய்க்காலைத் தொடவே இல்லை. நீர் அதை விட்டுவிட்டு நேரே மூளையின் வெளிப்புறத்துக்கு இறங்கிவிட்டது. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களிடம் இது அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதால்தான் முதலில் குழாய் வைத்தார்களாம்.

இந்தத் துவாரமும் மூடிக்கொள்ளக் கூடும். தாமதித்த இரண்டு மாதங்களின் நஷ்டமும் முழுவதும் திரும்பவில்லை. மற்றக் குழந்தைகள் ஓடிய வயதில்தான் அவன் நடந்தான். இப்போது ஓடுகிறான். அளவுநாடா என் மேஜைமேல் இருக்கிறது. சென்ற மாதம் அவனுக்கு ஒரு தங்கை பிறந்திருக்கிறாள். இம்முறை இலக்கங்களை எழுதுவதோடு நிற்காமல், கழித்தும் பார்க்கிறேன்.