கன்னத்துச் சிராய்ப்பும் டச்சிங் மேசையும்

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களில் நம்மூர் ஸ்டுடியோக்களின் பின்னறைக்குப் போனால், ஒரு கணினித் திரையில் குழந்தை முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதைப் பார்க்கலாம். அடையாள அட்டைக்கான படங்கள் அவை. வகுப்புக்கு ஒரு ஃபோல்டர், பிள்ளைக்கு ஒரு எண். ஆண்டு முடியும் தறுவாயில் குரூப் போட்டோ வேலை வரும்போது இதே மேசையில் இதே கைகள். முகத்தில் இருப்பதைத் திருத்தும் இந்த வேலையை ஸ்டுடியோக்காரர்கள் ‘டச்சிங்’ என்கிறார்கள். கணினியைவிட மூத்த சொல் அது. கண்ணாடித் தகடும் ஃபிலிமும் இருந்த நாளில், நெகட்டிவின் மேல் மெல்லிய பசை தடவி, கூர்தீட்டிய கெட்டிப் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். அந்தக் காலத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. ஆகவே சிவந்த பரு நெகட்டிவில் வெளிச்சமான ஓட்டையாக விழும், அச்சில் கரும்புள்ளியாக வரும். பென்சில் அந்த ஓட்டையைத்தான் அடைத்தது. இன்றைக்குப் பென்சில் இல்லை. எதை அடைக்கலாம், எதை விடலாம் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு முகத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்பதால், அதற்குப் பதில் சொல்லவும் சில நொடிகளே.

நான் உட்கார்ந்து பார்த்த மேசைகளில் அந்தப் பதிலுக்கு ஒரு நடைமுறை உண்டு. குறி இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடுமா என்று பார்ப்பது. விழுந்ததால் வந்த சிராய்ப்பு, கொசுக்கடித் தடிப்பு, வேர்க்குரு இவை போய்விடும். மச்சம், தழும்பு, வெண்புள்ளி, பிறவி அடையாளம் இவை இருக்கும். நம்மூர் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் இருப்பதை நினைத்தால், மச்சத்தை அழிப்பது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல என்பது விளங்கும். ஏட்டில் எழுதியிருப்பதைப் படம் மறுக்கும். தேமல்தான் இடையில் நின்று குழப்புகிறது. பிள்ளைகளின் கன்னத்தில் வெளிர்ந்து தெரியும் அது ஒருநாள் போகும், ஆனால் பல மாதம் எடுக்கும். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் நாள் முழுக்கக் கன்னத்திலும் அது இருக்கும் என்றால், படத்தில் மட்டும் எடுத்து என்ன பயன்? விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து.

சின்னம்மை வந்து போன முகத்தில் இந்தச் சோதனை இன்னும் நுட்பமாகிறது. உதிரக் காத்திருக்கும் கறுத்த பொருக்கும், நிலைத்துவிடப் போகும் குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் கரும்புள்ளிதான். ஆனால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். குழி என்றால், விளக்கு இருக்கும் பக்கத்து ஓரம் நிழலாகவும் எதிர் ஓரம் பளிச்சென்றும் இருக்கும். மேடான பொருக்கில் இது தலைகீழ். வெறும் கறை என்றால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், பழகிய கண் சில நொடிகளில் பிரித்துவிடுகிறது. பொருக்கும் கறையும் போகலாம். குழி அந்தப் பிள்ளையுடையது.

செய்முறையைச் சொல்லாமல் ‘செய்யலாமா கூடாதா’ என்று மட்டும் வாதிடுவது வீண். எவ்வளவு செய்ய முடியும் என்பதே எவ்வளவு செய்யலாம் என்பதன் பாதி. ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் பையன். விழுந்து இரண்டு மூன்று நாள் ஆன சிராய்ப்பு, இடது கன்ன எலும்பின்மேல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பொருக்கு. அதன் மேல்நுனி கீழிமைக்குப் பக்கத்தில் முடிகிறது. சுற்றிலும் லேசாகக் கறுத்த ஒரு வளையம். டச்சிங் செய்யும் பெண் முதலில் படத்தின்மேல் ஒரு வெற்று லேயர் போடுகிறார். மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, மாதிரி எடுக்கும் இடத்தில் Current & Below என்று வைக்கிறார். பிறகு அதே கன்னத்தில், விளக்கிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் இருக்கும் நல்ல தோலை மாதிரியாக எடுக்கிறார். நெற்றியில் எடுத்தால் ஆகாது. நெற்றித் தோலின் துளை வேறு, கன்னத்தின் துளை வேறு. பொருக்கை ஒரே இழுப்பில் துடைக்காமல், ஓரத்திலிருந்து உள்ளே சிறு சிறு துண்டுகளாகப் போகிறார். நடுவிலிருந்து ஆரம்பித்தால் பொருக்கின் கறுப்பையே பிரஷ் சுற்றுப்புறமாக எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கருவி வேலை செய்யும் விதத்திலேயே அதன் எல்லையும் இருக்கிறது. மாதிரி எடுத்த இடத்திலிருந்து தோலின் நுண்வடிவத்தை எடுத்துவந்து, ஒட்டும் இடத்தின் ஓரத்திலுள்ள நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். ஓரத்தில் நல்ல தோல் இருக்கும்வரை கலப்பு தெரியாது. ஓரத்தில் இமை முடியோ புருவமோ உதடோ இருந்தால் அதன் கறுப்பு உள்ளே வழிந்து, மை தொட்ட விரலால் தடவியதுபோல் ஒரு அழுக்கு விழும். ஆகவே இமைக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் குளோன் ஸ்டாம்புக்கு மாறுகிறார். அது கலக்காது, எடுத்ததை எடுத்தபடி வைக்கும். அதற்கென இன்னொரு வெற்று லேயர் போட்டு, அந்த லேயரை Lighten முறையிலும் ஸ்டாம்பைப் பாதிக்கும் குறைவான ஒபாசிட்டியிலும் வைத்தால், சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்த புள்ளிகள் மட்டும் வெளுக்கும், மற்றது அசையாது. இனி மீதி அந்தக் கறுத்த வளையம். சிவப்புத் தடிப்பு என்றால் Reds என்ற பகுதியைக் குறைத்துவிடு என்று வெளிநாட்டுப் பாடங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். நம் பிள்ளைகளின் பழுப்புத் தோலில் அதைச் செய்தால் முகம் முழுக்கச் சாம்பல் பூக்கும், உதடும் வெளிறும். பழுப்பே சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த நிறம்தானே. நம் தோலில் அழற்சி சிவப்பாக வருவதைவிடக் கறுப்பாகவே அதிகம் வருகிறது. எனவே நிறத்தைக் குறைப்பதில் பயனில்லை, அந்த இடத்தை மட்டும் மிக மெல்லக் கொஞ்சம் வெளிச்சப்படுத்த வேண்டும். வெளிச்சம் கூடிவிட்டால் கன்னத்தில் தேமல் முளைத்தமாதிரி இருக்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தப்பு நடந்திருக்கிறதா என்று பார்க்க அவர் செய்வது எளிது. படத்தை அச்சின் அளவுக்குச் சுருக்குகிறார். லேயர்களை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். போட்ட நிலையிலும் கண் அதே கன்னத்துக்குத்தான் ஓடுகிறது என்றால் வேலை தோற்றது. பொருக்கு இருந்த இடத்தில் இப்போது ஒரு மழமழப்பு இருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து இன்னும் கொஞ்சம் துடைப்பதல்ல. அந்த லேயர்களின் ஒபாசிட்டியை முக்கால் பங்குக்கு இறக்கினால், சிராய்ப்பின் நிழல் ஒரு துளி திரும்பி வரும், தோலும் கூடவே வரும். துளி மிச்சம் வைப்பது இந்தத் தொழிலில் சோம்பேறித்தனம் அல்ல.

இனி மறுப்புகள். போட்டோ என்பது அன்றைய நாளின் சாட்சி, அன்று முகத்தில் காயம் இருந்ததென்றால் இருந்ததுதான் என்பார்கள். வீட்டில் எடுக்கும் படத்துக்கு இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பள்ளிப் படம் அந்த வகையல்ல. ஒரு நாளில் எடுத்து ஓராண்டுக்குப் பிள்ளையைக் காட்ட வேண்டிய படம் அது. எந்த நாள் என்பதைத் தீர்மானித்தது பிள்ளையல்ல, ஸ்டுடியோவின் அட்டவணை. வராத பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் படம் எடுக்கப் போவார்கள் என்றால், சிராய்ப்புள்ள பிள்ளையையும் அன்றைக்குத் தள்ளிவைப்பதுதான் எல்லா டச்சிங்கையும்விட நல்லது. மேலோட்டமான சிராய்ப்பு ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். பாஸ்போர்ட் படம் என்றால் பேச்சே வேறு. அதில் கணினித் திருத்தம் கூடாது என்பது விதி. பள்ளிக்கு எடுத்த படத்தையே பெற்றோர் அங்கேயும் கொடுத்துவிடுவதுண்டு, அதனால் தொடாத மூலப்படம் தனியே இருந்தாக வேண்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. தற்காலிகமானதை மறைக்கலாம் என்றால், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முன்பல் ஓட்டையும் தற்காலிகம்தானே, அதை ஏன் அடைப்பதில்லை? என் கணக்கு இங்கே இடறுகிறது. கால அளவு மட்டும் போதாது. சிராய்ப்பின் அடியில் உள்ள தோல் எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று அரை அங்குலம் தள்ளி அதே கன்னத்தில் இருக்கிறது. வரப்போகும் பல் எப்படி இருக்கும் என்பதற்குப் படத்தில் எந்தச் சான்றும் இல்லை. அதை வரைந்தால் அது கற்பனை. பல் ஓட்டை அந்த வயதுக்கு உரியது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் கைக்குக் கட்டுப்பாடு தருவது முந்தைய காரணம்தான். அதே காரணத்தால் பிளாஸ்திரி ஒட்டிய புருவத்தையும் விட்டுவிட வேண்டும். அடியில் தையலா, வெறும் கீறலா, எத்தனை புருவமுடி மழித்திருக்கிறார்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியாது. வீங்கிய உதட்டையும் அப்படித்தான். வீக்கத்தைக் குறைப்பதென்றால் முகத்தின் வடிவத்தையே ஊகிக்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ‘ஸ்மூத்’ போட்டுவிட்டால் யாருக்கும் குறையில்லையே என்று சில ஸ்டுடியோக்காரர்கள் கேட்கிறார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் அந்தத் தானியங்கித் துடைப்புக்கு மச்சமும் பொருக்கும் ஒன்று. அம்மா காலையில் கன்னத்தில் வைத்தனுப்பிய திருஷ்டிப் பொட்டைக்கூட அது கறை என்றே எடுத்துவிடும். குரூப் போட்டோவில் இந்தத் துடைப்புக்குத் தேவையும் குறைவு. பதினெட்டு அங்குல அகல அச்சில் வரிசைக்குப் பன்னிரண்டு பேர் என்றால் ஒரு முகம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான். நம் பையனின் சிராய்ப்பு அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர். முன்வரிசையில் இருந்தால் வளையத்தைக் கொஞ்சம் வெளுப்பது போதும், பின்வரிசையில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஒரு வகைக் குறியை மட்டும் எந்தக் கணக்கும் போடாமல் விட வேண்டும். கன்னத்தில் இணையாக ஓடும் விரல் தடங்கள், காதுமடலில் கன்றிய நிறம், ஒரே முகத்தில் பழையதும் புதியதுமாகக் காயங்கள். விழுந்தால் அடிபடுவது நெற்றி, மூக்கு, முகவாய், கன்ன எலும்பு போன்ற மேடான இடங்கள். காதும் கன்னத்தின் சதைப்பகுதியும் அவ்வளவு எளிதில் அடிபடுவதில்லை. இந்தக் குறிகளும் இரண்டு வாரத்தில் போய்விடும், பக்கத்துத் தோலைச் சான்றாகக் கொண்டு அழகாக மறைக்கவும் முடியும். நான் மேலே சொன்ன இரண்டு சோதனைகளிலும் அவை தேறிவிடுகின்றன என்பதுதான் ஆபத்து. அதனால் இங்கே சோதனை முகத்தோடு நிற்காது. மூலப்படத்தை வைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் பேச வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பையனின் படத்தில் கடைசியாக ஒன்று. ஏற்றுமதி செய்வதற்கு முன் டச்சிங் செய்யும் பெண் வகுப்பாசிரியைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கிறார்: “டீச்சர், கன்னத்துல காயம் இருக்கு, எடுத்துறவா? பையன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.” சில பிள்ளைகள் விழுந்த கதையை வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்கள், அவர்களுக்குக் காயம் வேண்டும். பதில் வரும்வரை அந்த ஃபைல் லேயரோடு அப்படியே நிற்கிறது. அடுத்த எண் திரைக்கு வருகிறது.