இருபது நிமிடம் கேட்பது

மருத்துவ உபகரணம் விற்கிறவனுக்கு உபகரணத்தை விளங்கப்படுத்துவது கஷ்டமான காரியமல்ல. அதற்கொரு நேரம் வாங்குவதுதான் கஷ்டம். அட்டாளைச்சேனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று, வடக்கே நிந்தவூர், கல்முனை என்று பையோடு திரிகிற என்னைக் கொள்வனவு அதிகாரிகள் பெரும்பாலும் ஒரே வசனத்தில் அனுப்பிவிடுவார்கள்: "கெட்டலொக்க வெச்சிட்டுப் போங்க தம்பி, பாத்துட்டுச் சொல்றன்." அந்தக் கெட்டலொக் பிறகு திறக்கப்படுவதில்லை.

அவரில் பிழை சொல்ல முடியாது. பொருளைக் கேட்பவர் வைத்தியர், பாவிப்பவர் தாதி, காசு கணக்காளரிடம். பிறகு ஏதும் கோளாறென்றால் மட்டும் எல்லோரும் அவருடைய மேசைக்குத்தான் வருவார்கள். ஆகவே நேரம் கேட்கும்போதே, நாளைக்கு அவரிடம் கேட்கப்படப்போகும் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். சிரிஞ்ச் பம்ப் விடயத்தில் இதை நன்றாகக் கண்டேன்.

சிரிஞ்ச் பம்ப் என்பது மருந்து நிரப்பிய சிரிஞ்சின் தண்டை மெதுமெதுவாகத் தள்ளும் இயந்திரம். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து, குறைமாதக் குழந்தைக்கான மருந்து போன்றவை இதில்தான் ஏறும். ஆனால் இயந்திரத்துக்கு மருந்து தெரியாது. தண்டை எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பது மட்டுமே தெரியும். சிரிஞ்சின் உள்விட்டத்தை வைத்து மில்லிலீற்றரைக் கணக்குப் பார்க்கிறது. அந்த விட்டம் கம்பனிக்குக் கம்பனி சற்று வேறுபடும். எல்லாவற்றிலும் 50 மி.லீ. என்றுதான் எழுதியிருக்கும்.

ஓர் உதாரணம். பம்பில் தெரிவு செய்திருக்கும் ரகத்தின் உள்விட்டம் 28 மி.மீ., வைத்திருக்கும் சிரிஞ்ச் 29 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் மருந்து ஏறக்குறைய 7 வீதம் அதிகமாகப் போகும். மணித்தியாலத்துக்கு 5 மி.லீ. என்று போட்டால் 5.36 போகும். பத்து மணித்தியாலம் ஓட வேண்டிய சிரிஞ்ச் நாற்பது நிமிடம் முந்தி முடிந்துவிடும். திரையில் எல்லாம் சரியென்றே காட்டும், அலாரமும் அடிக்காது. முந்தி முடிவதுதான் வார்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஒரே துப்பு.

இந்த ஊர்களில் இது வெறும் கணக்கல்ல. அரச வைத்தியசாலைக்குச் சிரிஞ்ச் கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து வருகிறது. கேள்விப்பத்திரம் எந்தக் கம்பனிக்குக் கிடைத்ததோ அந்த ரகம். தனியாரிலும் 2022 இல் டொலர் இல்லாத காலத்தில் அகப்பட்டதைத்தான் வாங்கினார்கள். ஸ்டோரில் இப்போது எந்த ரகம் இருக்கிறது என்பது கொள்வனவு அதிகாரிக்குத் தெரியும். பம்ப் விற்க வருபவன் அதைக் கேட்பதில்லை.

ஆகவே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அதிகாரிக்கு நான் தொலைபேசி எடுத்தபோது விலையைப் பற்றிப் பேசவில்லை. காலையில் வார்டுகளிலிருந்து அவசரக் கோரிக்கைகள் வரும், வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவோடு நாள் முடிந்துவிடும். திங்கள் பின்னேரம் இரண்டரைக்கு எடுத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர். சிரிஞ்ச் பம்ப் ஒண்டு சம்பந்தமா இருவது நிமிசம் வேணும்."

"வஅலைக்கும் ஸலாம். கெட்டலொக்க அனுப்புங்க தம்பி."

"அனுப்புறன் சேர். அதுக்கு முதல் ஒரு கேள்வி. உங்கட ஸ்டோர்ல இப்ப எந்தச் சிரிஞ்ச் இரிக்கி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மூணு ரகம் இரிக்கி. ஏன் கேக்குறீங்க?" என்றார்.

ஏனென்று சொன்னேன். புதன் அல்லது வியாழன், பின்னேரம் இரண்டரை, பிரிவுப் பொறுப்புத் தாதியும் இருந்தால் நல்லது என்றேன். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவுச் சான்றிதழ்ப் பிரதியை அன்றே அனுப்புவதாகவும் சொன்னேன். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருத்துவ உபகரணத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும். அது கையில் இல்லாமல் நேரம் கேட்பது அவருடைய நேரத்தையும் வீணாக்குவது.

"புதன் வாங்க. மிஸ்ஸுக்குச் சொல்றன்."

புதனன்று படம் போட்டுக் காட்டவில்லை. 25 மி.லீ. அளவுச் சாடி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். அவர்களுடைய ஸ்டோர் சிரிஞ்சிலேயே தண்ணீர் நிரப்பி, குழாயில் காற்றை வெளியேற்றி, துளி விழத் தொடங்கிய பிறகு மணித்தியாலத்துக்கு 120 மி.லீ. வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினோம். 20 மி.லீ. வரவேண்டும். நல்ல பம்பில் பிழை இரண்டு வீதமளவில்தான், அதாவது அரை மில்லிலீற்றருக்கும் குறைவு. பம்பின் பட்டியலில் இருந்த இரண்டு ரகமும் அந்த எல்லைக்குள் நின்றன. மூன்றாவது பட்டியலில் இல்லை. கிட்டத்தட்ட அதேயளவென்று வேறொரு பெயரைத் தெரிவு செய்து ஓட்டச் சொன்னார் மிஸ். சாடியில் 21ஐயும் தாண்டி நின்றது.

அவ எழும்பிப் போய் வார்டிலிருந்த பழைய பம்பையும் தூக்கிக்கொண்டு வந்தா. இருபது நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, "இதையும் அளங்க தம்பி" என்றார்.