பால் ஊத்துறதை இங்கிலிஷில் எப்படி எழுதுறது?

தாதியியல் படிக்கிறவர்கள் வார்ட்டில் பயிற்சி முடித்து வந்ததும் ஒரு ஜேர்னல் எழுதவேண்டும். அது டயரி இல்லை, அறிக்கையும் இல்லை. கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியியலாளர் 1988இல் போட்டுக்கொடுத்த ஆறு படிகளில்தான் அதை எழுதுவார்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நன்றாக நடந்தது எது இல்லை, ஏன் அப்படி நடந்தது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்தமுறை என்ன செய்வாய். கிப்ஸ் அதைத் தாதிகளுக்கென்று செய்யவில்லை. ஆனாலும் உலகம் முழுக்கத் தாதியியல் மாணவர்கள் அந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகிறார்கள். ஊசி போடப் பழகியதையும் அதில்தான் எழுதவேண்டும், முதன்முதலாக ஒருவர் சாவதைப் பார்த்ததையும் அதில்தான் எழுதவேண்டும்.

நாங்கள் மூன்று பேர் கலைப்பீடம். பேராதனையில் எங்களோடு ஒரே போர்டிங்கில் இருக்கும் நாலாவது ஆள் தாதியியல், இரண்டாம் வருடம், ஊர் மட்டக்களப்பு. அவளுடைய அந்த ஜேர்னலை நாலு இரவு நாங்களும் கூட இருந்துதான் எழுதி முடித்தோம். அவள் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறோம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விஷயங்களை மாற்றிவிட்டோம். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம், கண்டிப் பக்கம் என்பது போதும்.

நோயாளி கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்த ஐயா, எழுபது தாண்டியவர். மூளைக்குள் பெரிய இரத்தக்கசிவு, அதற்குமேல் நெஞ்சில் சளிக்காய்ச்சல். விழுங்கும் சக்தி போய்விட்டது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால்மாவைக் கரைத்து அதில் விடுவார்கள். மகள் கட்டிலருகே நின்றபடியே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் மூச்சு மாறியது. சின்னதாகத் தொடங்கி, பெரிதாகி, திரும்பச் சின்னதாகி, அப்படியே நின்றுவிடும். பத்து, பதினைந்து செக்கன் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பத் தொடங்கும். இதற்கு செய்ன்–ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். எங்கள் தோழி அதைப் பாடத்தில் படித்திருந்தாள், வரைபடம் கீறி மார்க்ஸும் எடுத்திருந்தாள். ஆனால் அந்தப் பதினைந்து செக்கன் எவ்வளவு நீளம் என்று வரைபடத்தில் தெரியாது என்றாள்.

பாதம் குளிர்ந்து, முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள் வந்தன. தொண்டையில் கறகற என்று சத்தம். எச்சிலை விழுங்கவோ இருமித் துப்பவோ முடியாமல் போனால் அது தொண்டையிலேயே தேங்கி, மூச்சு போய்வரும்போது சத்தம் போடும். நோயாளிக்கு அது பெரும்பாலும் தெரியாது, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் தாங்கமுடியாது. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் கொஞ்சம் குறையும். டொக்டர் வந்து பார்த்தார், இனி நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் வேலை எதுவும் செய்வதில்லை என்று பெட் ஹெட் டிக்கட்டில் எழுதினார். மகளுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னார். மகளுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அந்தச் செய்தியைக் கேட்கும் அளவுக்கு இல்லை. வார்ட்டில் அந்த நேரம் தமிழ் பேசக்கூடிய ஒரே ஆள் எங்கள் தோழி.

மகள் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மிஸ், அப்பாவுக்கு ரெண்டு சொட்டு பால் ஊத்திக்கவா?"

ஸ்டாஃப் நர்ஸ், "வாயால ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று சொல்லு" என்றார். அது சரியான பதில்தான். விழுங்கமுடியாதவருக்கு வாயில் விடும் பால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குள் போகும். அவள் சொன்னாள்: "அக்கா, இப்ப வாயால ஒண்டும் குடுக்க ஏலாது. புரையேறிரும்."

"மூக்குல இவ்ளோ நேரம் பால்தானே மிஸ் விட்டீங்க?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. குழாய் நேரே வயிற்றுக்குள் போகிறது, வாய் அப்படி இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போதே, தான் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மகள் சாப்பாடு கொடுக்கக் கேட்கவில்லை. பிள்ளை கையால் வாயில் பால் படாமல் போகக்கூடாது என்று கேட்கிறார். குழாயில் விட்ட பால் இந்தக் கணக்கில் வராது.

அவள் திரும்பப் போய், அது பசிக்கு இல்லை, எங்கட ஆக்கள் கடைசியா செய்யிறது என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஸ்டாஃப் நர்ஸிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வாய் துடைக்க வைத்திருந்த கோஸ் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாய் காய்ந்து போகிறவர்களுக்கு ஈரக் கோஸால் உதட்டையும் நாக்கையும் துடைப்பது தாதிகள் எப்படியும் செய்கிற வேலை. தண்ணீருக்குப் பதில் பால். நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் மட்டும். சொட்டக்கூடாது. மகள் தன் கையால் மூன்று தடவை தொட்டுவைத்தார். "அப்பாட்ட கதைங்க அக்கா, காது கேக்கும்" என்று இவள் சொன்னாள். கேட்குமா என்று யாரும் அடித்துச் சொல்லமுடியாது, ஆனால் கேட்கிறது என்று வைத்தே நடக்கவேண்டும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது.

கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் கழித்து, நின்ற மூச்சு திரும்ப வரவில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், 11.06. டொக்டர் வந்து கண்ணுக்குள் டோர்ச் அடித்தார், கழுத்து நாடி பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயமும் மூச்சும் இரண்டுமே இல்லை என்று கேட்டு உறுதிசெய்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். நேரோட்டுக் கோடு. டிக்கட்டில் நேரம் 11.20 என்று எழுதினார். சட்டப்படி அந்த ஐயா செத்தது 11.20க்குத்தான், டொக்டர் உறுதிசெய்த நேரம்தான் கணக்கு. கிப்ஸின் முதல் படியான 'என்ன நடந்தது' என்பதில் எந்த நேரத்தைப் போடுவது என்று முதல் இரவு முழுக்க யோசித்தாள். இரண்டையும் போட்டாள். அந்தப் பதினாலு நிமிஷம் ஒருவர் எங்கே இருந்தார் என்று எங்களில் மெய்யியல் படிக்கிறவள் தொடங்க, மற்ற மூன்று பேரும் சேர்ந்து அவளை நிறுத்தினோம்.

அதற்குப் பிறகு உடம்பை ஒழுங்குபடுத்தும் வேலை. இதை அவள் சொன்ன மாதிரியே சொல்கிறோம். தசைகள் விறைக்கத் தொடங்க இரண்டு, மூன்று மணித்தியாலம் ஆகலாம், இமையும் தாடையும் முதலில் விறைக்கும். அதனால் அங்கேதான் தொடங்கவேண்டும். நேராகக் கிடத்தி, தலைக்குக் கீழே ஒரு தலையணை. இமையை விரலால் மெல்ல அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் திறக்கும். கட்டுப்பல் இருந்தால் இப்போதே போட்டுவிடவேண்டும், பிறகு வாய் திறக்காது. நாடிக்குக் கீழே துணியைச் சுருட்டி வைக்கவேண்டும். மூக்குக் குழாயையும் கையில் இருந்த கெனியூலாவையும் எடுத்து, அந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டவேண்டும், இரத்தம் கசியும். பிறகு முகம், கை, கால் துடைத்து, கையிலும் காலிலும் பெயர்த்துண்டு கட்டவேண்டும். ஸ்டாஃப் நர்ஸ் ஒவ்வொன்றும் செய்யும்போது ஐயாவிடம் சொல்லிச் சொல்லித்தான் செய்தார், உயிரோடு இருந்தபோது சொன்ன மாதிரியே. மற்றப் பக்கம் திருப்பும்போது நெஞ்சில் மிச்சமிருந்த காற்று வெளியே வந்து ஒரு முனகல் கேட்டது. இப்படி நடக்கும் என்று அவளுக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. மாணவர்களுக்குக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறதென்றால் அது இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இரண்டாவது படியில் என்ன உணர்ந்தாய் என்று கேட்கிறது. அங்கே அவள் "சோகம்" என்று ஒரு சொல் எழுதிவிட்டு அப்படியே இருந்தாள். உண்மையில் அந்த நேரம் ஒன்றுமே உணரவில்லை என்றாள். பெயர்த்துண்டு சரியாகக் கட்டியிருக்கிறேனா என்றுதான் நினைத்தாளாம். தான் ஏதோ கல்மனசுக்காரி என்று பயந்தாள்.

எங்களில் சமூகவியல் படிக்கிறவள் அப்போதுதான் இசபெல் மென்சீஸ் பற்றிச் சொன்னாள். லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தாதிச் சேவையை ஆராய்ந்து 1960இல் கட்டுரை வெளியிட்ட உளப்பகுப்பாய்வாளர். அங்கே நோயாளிகளைப் பெயர் சொல்லாமல் கட்டில் இலக்கத்தாலோ நோய் வந்த உறுப்பாலோ குறிப்பிட்டார்கள். ஒரு தாதி ஒரு நோயாளியை முழுசாகப் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரு சின்ன வேலையை மட்டும் செய்துகொண்டு போனாள். தூக்க மாத்திரை கொடுக்க, தூங்குகிறவரையே எழுப்பினார்கள். இதெல்லாம் கெட்ட மனசால் வந்ததில்லை, தாங்கமுடியாத பதற்றத்திலிருந்து தப்ப ஆஸ்பத்திரியே கட்டிக்கொண்ட அரண் என்றார் மென்சீஸ். ஆனால் அந்த அரண் பதற்றத்தைக் குறைக்கவில்லை, முகம் கொடுக்க விடாமல் தடுத்தது மட்டும்தான். மாணவத் தாதிகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் படிப்பை முடிக்காமலே போனார்கள்.

கேட்டுவிட்டு அவள் தன் ஜேர்னலைக் காட்டினாள். அங்கேயும் பெயர் இல்லை, 'நோயாளி எக்ஸ்' என்றுதான் இருந்தது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க அப்படித்தான் எழுதவேண்டும், அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த எக்ஸ் யாரைக் காப்பாற்றுகிறது என்பது ஒவ்வொரு வரியிலும் மாறிக்கொண்டே இருக்கிறது என்று எங்களுக்குப் பட்டது. சில வரியில் ஐயாவை. சில வரியில் அவளை. "சோகம்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, பெயர்த்துண்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததை அப்படியே எழுதச் சொன்னோம். எழுதினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், சோறு வைத்த கோப்பையோடு, இரவு பத்து மணிக்கு.

கஷ்டமான இடம் நாலாவது படி. ஜேர்னல் இங்கிலிஷில் எழுதவேண்டும். முதல் வரைவில், குடும்பத்தினர் வாய்வழியாகப் பால் கொடுக்க அனுமதி கேட்டார்கள், புரையேறும் அபாயம் விளக்கப்பட்டு மறுக்கப்பட்டது என்று இருந்தது. ஒரு பிழையும் இல்லை, நடந்தது எதுவும் அதில் இல்லை. டிக்கட் இங்கிலிஷ், வார்ட் சிங்களம், அந்த ஐயா செத்தது தமிழில். 'பால் கொடுப்பது' வேறு, 'பால் ஊத்துறது' வேறு என்று தமிழ் பேசுகிற யாருக்கும் விளக்கவேண்டியதில்லை, இங்கிலிஷில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் வந்து நிற்கிறது. கடைசியில் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே இங்கிலிஷ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் நாலு வரி விளக்கம் எழுதினாள். சொற்கணக்கு எண்பது தாண்டியது. தாண்டட்டும் என்றோம், மார்க்ஸ் வெட்டுவது எங்களுக்கில்லைதானே.

ஆறாவது படியில், அடுத்தமுறை என்ன செய்வேன் என்பதற்கு, அவளுடைய வகுப்பில் அனேகம் பேர் நோயாளியோடு நன்றாகக் கதைப்பேன் என்கிற மாதிரித்தான் எழுதுவார்களாம். இவள் எழுதியது இது: வாயால் எதுவும் கொடுக்கமுடியாத தமிழ் நோயாளியின் நிலைமை மோசமாகும்போது, குடும்பம் கேட்கும்வரை காத்திருக்காமல், பால் வைக்க விருப்பமா என்று நான் முதலில் கேட்பேன். கோஸ் துண்டும் சின்னக் கோப்பையும் கட்டில் பக்கத்தில் வைத்திருப்பேன். பிழிந்து உதட்டில் மட்டும் வைக்கவேண்டும் என்று காட்டிக்கொடுப்பேன். அப்படிக் கேட்கும் சிங்கள வசனத்தை என்னோடு வேலை செய்பவர்களுக்கும், தமிழ் வசனத்தைச் சிங்கள எழுத்தில் எழுதி ஸ்டாஃப் நர்ஸுக்கும் கொடுப்பேன்.

கடைசியில் சொன்னதை அவள் அடுத்த திங்கட்கிழமையே செய்துவிட்டாள். ஸ்டாஃப் நர்ஸ் அந்தத் துண்டை வாங்கி ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்தாராம். "ஊத்த" என்பது அவர் வாயில் "உத்த" என்று வந்ததாம்.