நவமி வரைக்கும்

"டப்பாவைத் திறக்காதேடா. துவரம் பருப்பு நாளையோட தீரும்" என்றாள் பாட்டி, திண்ணையிலிருந்தே.

அருண் திறந்து பார்த்தான். ஒருவேளை சாம்பாருக்குத்தான் இருந்தது.

"உனக்குத்தான் கண் சரியாத் தெரியாதே, எப்படிப் பாட்டி?"

"எவ்வளவு இருக்குன்னு பார்க்காதே. எத்தனை நாளைக்கு வரும்னு எண்ணு. ஒரு கிலோ, தினம் 100 கிராம்னா 10 நாள். அமாவாசையன்னைக்குப் பிரிச்சா நவமியோட தீரும். விருந்தாளி வந்தா ஒரு நாளைக் கழிச்சுடு."

அடுத்த மாதம், சப்தமியன்று பாட்டி கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடைக்குக் கிளம்பிய அப்பா, "பருப்பு இருக்கா?" என்று விழித்தார்.

"வாங்கிடுங்கப்பா. அமாவாசைக்குப் பிரிச்சது. நடுவுல அத்தை வீட்டுக்காரங்க வந்தாங்களே! நாளைக்கு அஷ்டமியோட தீர்ந்துடும்."

டப்பாவை அவன் தொடவே இல்லை.