சத்தமில்லாத பிறந்தநாள்

நண்பர்களே, இவள் யார் என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்!

எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடும் பழக்கமே கிடையாது. என் பிறந்த தேதிகூட ஒண்ணாம் வகுப்பு வாத்தியார் உத்தேசமாக எழுதியதுதான். அதனால் கல்லூரிக்கு வந்து கேக், மெழுகுவத்தி, கைதட்டல் எல்லாம் பார்த்தபோது, அன்பு என்றால் இதுதான் போலிருக்கு என்று நம்பிவிட்டேன்.

போன வருஷம் வகுப்பில் நாற்பது பேர் சுற்றி நின்று பாடி அவள் முகத்தில் க்ரீமைப் பூசினார்கள். அவளும் சிரித்தாள். பிறகு குழாயடியில் பார்த்தேன். முகம் கழுவி முடித்த பிறகும் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கை நடுங்கியது.

இந்த வருஷமும் ஆளுக்கு முப்பது ரூபாய் வசூல். வசூலித்தவன் நானேதான்! குழாயடி ஞாபகம் வந்ததும் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தேன். "ஏலே, அவளுக்காக எங்களையே கழட்டி விடுதியா?" என்றான் ஒருவன். இரண்டு நாள் பேசவில்லை. அது வலித்தது.

குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். தாமிரபரணிக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயில், பக்கத்தில் கல் மண்டபங்கள். ஆனால் பிறந்தநாள் செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த நாள், கூட்டம் இருக்கும். ஆகவே புதனுக்கு மாற்றினேன். கோயில் நடை சாத்தியிருக்கும் மதிய நேரமாகப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு யோசனை. கூட்டத்துக்குப் பயப்படுகிறவளுக்கு, என்ன நடக்கப்போகிறதோ என்பதே பாதி பயம். எல்லாவற்றையும் மறைத்தால் அவள் வழியெல்லாம் நாற்பது பேரைத்தான் எதிர்பார்ப்பாள். அதனால் முதல் நாளே சொன்னேன்: "நாளைக்கு ரெண்டு மணிக்கு. நாம ரெண்டு பேர் மட்டும். ஒன்றரை மணி நேரம். உனக்குப் பிடிக்கலைன்னா உடனே திரும்பிடலாம். எங்கேன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

"வேற யாரும் வரமாட்டாங்கள்லா?" மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பதில் சொன்னேன்.

டவுனில் இறங்கி, வாழையிலைத் துண்டில் நூறு கிராம் அல்வா வாங்கிக்கொண்டு நடந்தோம். மண்டபத்தில் நாங்கள் உட்கார்ந்ததும் என் போன் அடித்தது. வகுப்புப் பயல்கள், வீடியோவில் பாடப்போகிறார்களாம்! அவள் தோள் இறுகியதைப் பார்த்தேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். பாட்டும் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை. அவள் அல்வாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே படித்துறையில் துணி துவைக்கும் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிக்கவில்லையோ என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள்.

"பத்து நிமிஷம். இப்பவே கெளம்பணுமா?"

"இல்ல. இன்னொரு அரை மணி நேரம் இருக்கலாமான்னு கேக்கேன்."

நாலு மணி பஸ்ஸை விட்டோம். அதற்கடுத்த பஸ்ஸையும்.